ரிஜெக்ட் ஆன பீஸின் 20 ரூபாய் எந்தக் கணக்கில் ஏறும்?

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன மெஷின் ஷாப்புக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி சேலத்துக்காரர். ஒருநாள் கேட்டார்: "தம்பி, அதே காஸ்டிங், அதே ஆளுங்க. ஒரு பீஸோட அடக்கவிலை மட்டும் ஏன் மாசாமாசம் மாறுது?" தப்பு என்னுடையதுதான். மொத்தச் செலவில் ஸ்கிராப் காசைக் கழித்து, கைக்கு வந்த நல்ல பீஸ்களால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் புரிவதற்காக எளிமையாக்கியவை. லேத்துக்கு 1,000 காஸ்டிங் போகிறது. காஸ்டிங் விலை 60,000, கூலி 20,000, மேற்செலவு 12,000. ஆக மொத்தம் 92,000 ரூபாய். கடையும்போது சிலவற்றில் உள்ளே ப்ளோஹோல் என்ற காற்றுக் குழி தெரியும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் 100-க்கு 10 இப்படிப் போகும் என்பது அனுபவம். பவுண்டரி திருப்பி எடுக்காது, பழைய இரும்புக்காரர் பீஸுக்கு 20 ரூபாய் தருவார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை: ஒரு பீஸின் விலை

அந்த 100 பீஸ்தான் இயல்பான இழப்பு, அதாவது நார்மல் லாஸ். தவிர்க்க முடியாதது என்பதால் அதன் செலவை நல்ல பீஸ்களே சுமக்க வேண்டும். அதனால் அதற்கு விலை போடுவதில்லை. ஸ்கிராப்பில் கிடைக்கும் 2,000 ரூபாயை மட்டும் செலவில் கழிக்கிறோம்.

```
(92,000 − 2,000) ÷ (1,000 − 100) = 100
```

வகுக்கும் எண் எதிர்பார்த்த 900; உண்மையில் வந்த எண்ணிக்கை அல்ல. நான் சறுக்கிய இடம் இதுதான்.

870 மட்டும் வந்தால்

டூல் முனை உடைந்ததை யாரும் கவனிக்கவில்லை, 30 பீஸ் கூடுதலாகப் போனது. இது அசாதாரண இழப்பு, அப்நார்மல் லாஸ். இதை நல்ல பீஸைப் போலவே 100 ரூபாய்க்கு மதிப்பிட வேண்டும். இந்த லேத் வேலையின் செலவைப் பற்றிலும் விளைவை வரவிலும் எழுதுவது செயல்முறைக் கணக்கு. அதன் வரவுப் பக்கம் இப்படி வரும்:

| விவரம் | பீஸ் | ரூபாய் |
|---|---|---|
| இயல்பான இழப்பு | 100 | 2,000 |
| அசாதாரண இழப்பு | 30 | 3,000 |
| நல்ல உற்பத்தி | 870 | 87,000 |
| மொத்தம் | 1,000 | 92,000 |

இந்த 30 பீஸும் ஸ்கிராப்பில் போய் 600 ரூபாய் வந்தது. அதைச் செயல்முறைக் கணக்கில் எழுதக் கூடாது. அசாதாரண இழப்புக் கணக்கில் பற்று 3,000. வரவில் ரொக்கம் 600. மீதி 2,400 இலாப நட்டக் கணக்குக்குப் போகும். என் பழைய முறையில் 89,400-ஐ 870-ஆல் வகுத்து 102.76 என்று சொல்லியிருப்பேன். உடைந்த டூலின் தண்டத்தை நல்ல பீஸ் தலையில் கட்டியிருப்பேன்.

920 வந்தால்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். எதிர்பார்த்ததைவிட 20 பீஸ் அதிகம். இது அசாதாரண ஆதாயம், அப்நார்மல் கெய்ன். செயல்முறைக் கணக்கின் பற்றில் 20 பீஸ், 2,000 ரூபாய் சேரும். வரவில் இயல்பான இழப்பு அதே 100 பீஸ், அதே 2,000. நல்ல உற்பத்தி 920 பீஸ், 92,000. இரண்டு பக்கமும் 1,020 பீஸ், 94,000 ரூபாய்.

ஆனால் கெட்டுப்போனது 80 பீஸ்தானே? பழைய இரும்புக்காரர் 1,600 தான் தருவார். நாம் ஏற்கெனவே 2,000 என்று எழுதிவிட்டோம். இயல்பான இழப்புக் கணக்கில் இந்த 400 தொங்கும். அதை யார் தர வேண்டும்? ஆதாயம் பார்த்தவர்தான். அந்த 20 பீஸ் நல்லதாக வந்ததால்தான் அவற்றின் ஸ்கிராப் காசு வரவில்லை. ஆகவே அசாதாரண ஆதாயக் கணக்கில் பற்று 400, இயல்பான இழப்புக் கணக்கில் வரவு 400. ஆதாயக் கணக்கில் செயல்முறையிலிருந்து வந்த 2,000-இல் இந்த 400 போக, மீதி 1,600 இலாப நட்டக் கணக்குக்கு.

400-ஐ விட்டுவிட்டால் உடனே தெரிந்துவிடும்: இயல்பான இழப்புக் கணக்கு முடியாமல் நிற்கும். இன்னொரு சோதனையும் உண்டு. இழப்போ ஆதாயமோ, பீஸுக்கு 100-லிருந்து 20 போக 80 ரூபாய்தான் இலாப நட்டக் கணக்கில் ஏற வேண்டும். 30 பீஸுக்கு 2,400, 20 பீஸுக்கு 1,600. சரியாக இருக்கிறதா பாருங்கள்.

மாதக் கடைசியில் பாதி கடைந்த பீஸ்கள் லேத்தில் நின்றால் இந்த வகுத்தல் அப்படியே ஒத்துவராது. முதலில் அவற்றைச் சமான அலகுகளாக, அதாவது எத்தனை முழு பீஸுக்குச் சமம் என்று, மாற்ற வேண்டும். அது தனிப் பாடம். மற்றபடி முதலாளிக்கு இப்போது இரண்டு மாதமும் 100 ரூபாய் என்றே காட்டுகிறேன். "அப்போ இந்த 2,400 யாரால?" என்று கேட்டுவிட்டு லேத் பக்கம் போய்விட்டார்.