ஊருக்குப் போகும் டெலிவரி ரைடர்கள் செய்யும் தவறுகள்

வேளச்சேரியில் என்னோடு வண்டி ஓட்டும் தம்பி ஒருவன், தங்கை கல்யாணத்துக்காக 12 நாள் தென்காசி போனான். ஏரியா வாட்ஸ்அப் குழுவில், "அண்ணா, ஊருக்குப் போறேன்" என்று ஒரு குரல் பதிவு போட்டான். அவ்வளவுதான். திரும்பி வந்தபோது ஐடி பிளாக் ஆகியிருந்தது.

முதல் தவறு இதுதான். குழுவை நடத்தும் டீம் லீடர் பல இடங்களில் ஏஜென்சி ஆள். அடுத்த மாதம் அவரே இருக்க மாட்டார். அவரிடம் சொன்னது நிறுவனத்தின் பதிவில் ஏறாது. ஆப்பின் உதவிப் பகுதியில் டிக்கெட் போடுங்கள். சாட் மூடிய பிறகு சில ஆப்களில் அது மறைந்துவிடும். அதனால் டிக்கெட் எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சேரும்போது 'சம்மதம்' அழுத்திய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் அறிவிப்புக்கான மின்னஞ்சல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே செய்தியை அங்கேயும் அனுப்புங்கள்.

அடுத்தது, "லீவு கொடுங்கள்" என்று கேட்பது. ஒப்பந்தத்தில் நம்மை ஊழியர் என்றே சொல்வதில்லை, பார்ட்னர் என்றுதான் போட்டிருப்பார்கள். அப்படியிருக்க அனுமதி கேட்டால் பதிலே வராமல் போகலாம். தகவலாகவே எழுதுங்கள். அந்தத் தம்பி இப்படி எழுதியிருக்கலாம்:

"என் ரைடர் ஐடி இது. ஜூன் 3 முதல் 14 வரை சொந்தக் காரணத்தால் லாகின் செய்ய மாட்டேன். 15ஆம் தேதி மீண்டும் வருவேன். வேலையை விடவில்லை. இந்த நாட்களுக்குப் புக் செய்த ஸ்லாட்களை ரத்து செய்துவிட்டேன். கையில் இருந்த பணத்தைக் கட்டிவிட்டேன். ஐடியைச் செயலில் வைத்திருக்க வேறு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் தெரிவியுங்கள்."

"வேலையை விடவில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நீண்ட நாள் லாகின் இல்லாதவரை விலகியவராகக் கணக்கில் வைக்கும் ஆப்கள் உண்டு.

செய்தியில் எழுதியதை முதலில் செய்து முடித்திருக்க வேண்டும். பணத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாடிக்கையாளர் தந்த ரொக்கம் 1,840 ரூபாய் கையில் இருக்கும், ஊரிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிடுவார்கள். கல்யாணச் செலவில் அது கரைந்துவிடும். அந்தத் தம்பியின் ஐடி பிளாக் ஆனதும் இதனால்தான். கிளம்புகிற அன்று பாக்கி பூஜ்யம் என்று ஆப் காட்டும் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். ரத்து செய்யாத ஸ்லாட்டில் வராமல் போனால் அது நோ-ஷோ ஆகிவிடும், அடுத்த வாரம் நல்ல ஸ்லாட் கிடைப்பது கஷ்டம்.

ஐடி சும்மா கிடக்கிறதே என்று நண்பனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். செல்ஃபி சரிபார்ப்பில் மாட்டினால் கணக்கே நிரந்தரமாகப் போய்விடும். அவன் விபத்தில் சிக்கினால் காப்பீடும் கிடைக்காது.

உங்கள் காப்பீட்டையும் ஒரு முறை பாருங்கள். சமீபத்தில் ஓட்டியிருந்தால்தான் அது செல்லும் என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஊரில் இருக்கும் நாட்களுக்குச் செல்லுமா என்று அதே டிக்கெட்டில் கேட்டுவிடுங்கள். திரும்பியதும் அதே மின்னஞ்சலுக்கு "இன்று லாகின் செய்துவிட்டேன்" என்று பதில் போடுங்கள்.