பிரீபிரிண்ட், திருத்தம், திரும்பப் பெற்ற ஆய்வு: எழுதும் முன் நிலையைச் சரிபார்க்கும் முறை

ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது திரும்பப் பெற்ற கட்டுரையை நேரடியாகக் காட்டுவதால் அல்ல. அந்தக் கட்டுரையை உள்ளே வைத்துக் கணக்குப் போட்ட இன்னொரு கட்டுரையை நம்புவதால்தான். கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் என்ற மருந்தைச் சுற்றி எழுந்த விவகாரம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அதையே வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

நடந்தது இது. எகிப்தின் பென்ஹா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020 நவம்பரில் ரிசர்ச் ஸ்கொயர் தளத்தில் ஒரு பிரீபிரிண்டை ஏற்றியது. அதாவது, துறை வல்லுநர்கள் இன்னும் மதிப்பிடாத கட்டுரை. ஐவர்மெக்டின் கொடுத்தால் கொரோனா இறப்பு பெருமளவு குறைகிறது என்றது அது. லண்டனில் ஒரு மருத்துவ மாணவர் அதைப் படித்தபோது, வேறு இடங்களிலிருந்து எடுத்த வாசகங்கள் கண்ணில் பட்டன. நோயாளிகளின் மூலத் தரவை ஆராய்ந்தவர்கள் ஒரே பதிவு பலமுறை வருவதையும், ஆய்வு தொடங்கிய தேதிக்கு முன்பே சிலர் இறந்ததாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். 2021 ஜூலை 14 அன்று தளம் அதை விலக்கியது. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான், ஆண்ட்ரூ ஹில் குழுவின் தொகுப்பாய்வு ஓர் இதழில் வெளியாகியிருந்தது. பல சோதனைகளின் முடிவைச் சேர்த்துக் கணக்கிட்டு, இறப்பு 56% குறைகிறது என்று சொன்ன அந்தக் கட்டுரைக்குள் எகிப்து ஆய்வும் இருந்தது.

படி 1: எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று குறித்துவையுங்கள்

கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண், பதிப்பு எண், படித்த தேதி, அன்றைய நிலை. இந்த நான்கும் போதும்.

டிஓஐ எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ் என்ற பிரீபிரிண்ட் தளங்கள் இரண்டிலும் எல்லாப் பதிப்புக்கும் ஒரே டிஓஐதான். அதைத் திறந்தால் கடைசிப் பதிப்பு வரும். ரிசர்ச் ஸ்கொயரில் பதிப்புக்கு ஒன்றாக டிஓஐ உண்டு. கடைசியில் `/v1`, `/v2` என்று முடியும். பழைய இணைப்பைச் சேமித்திருந்தால் பழைய பதிப்பின் பக்கத்துக்கே போய் நிற்பீர்கள். அங்கேயே நிற்காமல் பதிப்புகளின் பட்டியலைத் திறந்து, கடைசியாக என்ன நடந்தது என்று பாருங்கள்.

படி 2: நிலையைச் சரிபாருங்கள்

எழுதத் தொடங்கும் நாளில் ஒருமுறை, வெளியிடும் நாளில் இன்னொரு முறை. கணினியில் இறக்கிவைத்த பிடிஎஃப் கோப்பை நம்ப வேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் உங்களிடம் இருக்கும் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறாது. இதழின் பக்கத்தையே திறந்து பாருங்கள். பிறகு டிஓஐகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப்பில் தேடுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் இதை ஒட்டினால் போதும். கடைசியில் இருப்பது ஹில் குழுக் கட்டுரையின் டிஓஐ, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

```
https://api.crossref.org/works?filter=updates:10.1093/ofid/ofab358
```

விடையில் `update-to` என்ற பகுதியைத் தேடுங்கள். அதில் `type` என்பதற்கு எதிரே `correction` இருந்தால் திருத்தம், `expression_of_concern` இருந்தால் இதழ் தெரிவித்த ஐயம், `retraction` இருந்தால் கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. `total-results` பூச்சியம் என்று வந்தால் கட்டுரை சுத்தம் என்று பொருளல்ல. அறிவிப்பு அங்கே பதிவாகவில்லை என்று மட்டுமே பொருள்.

மருத்துவ ஆய்வு என்றால், மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டிலும் தேடலாம்:

```
ivermectin AND "Retracted Publication"[pt]
```

மேற்கோள்களைச் சேர்த்துவைக்க ஸோட்டெரோ என்ற மென்பொருளைத்தான் பரிந்துரைப்பேன். திரும்பப் பெற்ற கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு அதுவே சிவப்புப் பட்டை காட்டும். ஆனால் டிஓஐயோ பப்மெட் எண்ணோ இல்லாத பதிவை அதனால் ஒப்பிட முடியாது. வெறும் இணையப் பக்கமாகச் சேமித்த கட்டுரைக்கு எச்சரிக்கை வராமல் போவது அதனால்தான்.

படி 3: அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். யார் செய்தது, ஏன், எந்தப் பகுதி கெட்டது என்ற மூன்றுக்கும் அறிவிப்பில் விடை தேடுங்கள். மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றிய பிரெடிமெட் ஆய்வு 2013-இல் வந்தது. பங்கேற்றவர்களில் சிலரைக் குலுக்கல் முறைப்படி பிரிக்கவில்லை என்று பின்னர் தெரிந்தது. ஒரே வீட்டாரை ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்கள் அனைவருக்கும் ஒரே உணவுமுறை. 2018-இல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு, அடக்கமான சொற்களில் மீண்டும் வெளியிட்டார்கள். முடிவு ஏறத்தாழ அப்படியே இருந்தது. இதை மோசடி என்று எழுதினால் அது அநியாயம்.

படி 4: தொகுப்பாய்வைப் பிரித்துப் பாருங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் படி இதுதான். தொகுப்பாய்வின் பக்கத்தில் எச்சரிக்கை எதுவும் இருக்காது. இதழில் வந்தது, வல்லுநர் மதிப்பீடு முடிந்தது, எல்லாம் சரியாகத் தெரியும். கெட்டுப்போன ஆய்வு உள்ளே ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும்.

கட்டுரையில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கோடும் கட்டமும் போட்ட வரைபடம் இருக்கும். பெரிய கட்டம் என்றால் முடிவில் அந்தச் சோதனைக்குப் பெரிய பங்கு. பக்கத்திலேயே சதவீதத்தில் எடையும் இருக்கும். எடை மிகுந்த மூன்று, நான்கு சோதனைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் படி 2-ஐச் செய்யுங்கள். பிரீபிரிண்டாகவே இருப்பவற்றை எடை குறைவானாலும் பாருங்கள். ஒன்று கெட்டிருந்தால், அதை நீக்கிய கணக்கு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். எண்ணை நீங்களே மனக்கணக்காகக் குறைத்து எழுத வேண்டாம். எடைகள் எல்லாமே மாறிவிடும்.

ஹில் குழு அந்தக் கணக்கை மறுபடி செய்தது. பழைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் புதிய பகுப்பாய்வு வந்தது. ஐயத்துக்குரிய ஆய்வுகளையும் பிழைக்கு அதிக வாய்ப்புள்ள ஆய்வுகளையும் ஒதுக்கியபோது, இறப்பு குறைகிறது என்று சொல்லப் புள்ளியியல் ஆதாரம் நிற்கவில்லை.

படி 5: நிலையை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லுங்கள்

‘ஐவர்மெக்டின் இறப்பைக் குறைக்கிறது என்று ஆய்வு நிரூபித்தது’ என்று எழுதாதீர்கள். ‘வல்லுநர்கள் இன்னும் மதிப்பிடாத ஒரு பிரீபிரிண்ட் அப்படிச் சொல்கிறது (இரண்டாம் பதிப்பு, இந்தத் தேதியில் பார்த்தது)’ என்று எழுதுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதினால் யார் பெற்றார்கள் என்பது மறைந்துவிடும். ‘தளம் விலக்கியது’, ‘ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள்’, ‘இதழ் நீக்கியது’ என்று செய்தவரை முன்னால் வைத்து எழுதுங்கள். இதழில் வராத பிரீபிரிண்டுக்கு ‘விலக்கல்’ என்றும், இதழில் வந்த கட்டுரைக்கு ‘திரும்பப் பெறல்’ என்றும் பிரித்துச் சொல்வது என் பழக்கம்.

படி 6: நீங்கள் எழுதிய பழைய கட்டுரையைத் திருத்துங்கள்

பத்தியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். முன்பே படித்துப் பகிர்ந்தவருக்கு எது மாறியது என்று தெரியாமல் போகும். கட்டுரையின் தலையில், தேதியோடு, இப்படி எழுதலாம்: ‘2021 ஜூலை 16: இங்கே குறிப்பிட்ட ஐவர்மெக்டின் பிரீபிரிண்டை ரிசர்ச் ஸ்கொயர் ஜூலை 14 அன்று விலக்கியது. இரண்டாம் பத்தியின் முடிவு இப்போது பொருந்தாது.’ உள்ளே அந்தப் பத்திக்குப் பக்கத்திலும் ஒரு வரி போடுங்கள், ஏனென்றால் அந்தப் பத்தியை மட்டும் படமெடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பின்சேர்க்கை: பிரீபிரிண்ட் இதழில் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்பது அடிக்கடி வரும் கேள்வி. பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ் பக்கங்களில் இதழ்க் கட்டுரைக்கு இணைப்பு வரும். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஒப்பிட்டுத்தான் அது சேர்கிறது. ஆகவே தலைப்பு மாறியிருந்தால் தவறிப்போகலாம். முதல் ஆசிரியரின் பெயரையும் மருந்தின் பெயரையும் சேர்த்துத் தேடிவிடுங்கள். கிடைத்தால், இதழ்ப் பதிப்பின் எண்களைப் பிரீபிரிண்டின் எண்களோடு ஒப்பிட்ட பிறகே இணைப்பை மாற்றுங்கள். இணைப்பை மட்டும் மாற்றி, பழைய எண்ணை அப்படியே விட்டால், அந்தக் கட்டுரையில் இல்லாத எண்ணுக்கு அதைச் சாட்சியாக்கியது போலாகும்.