பட்டியல் வந்த வரிசையில் சப்நெட் பிரிக்காதீர்கள்

புதிதாக நெட்வொர்க் வேலைக்கு வருபவர்கள், நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே மாட்டிக்கொள்ளும்.

எல்லை பார்க்காமல் தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். கையில் இருப்பது `192.168.10.0/24`. நிர்வாகத்துக்கு 10 ஹோஸ்ட், விற்பனைக்கு 100, பொறியியலுக்கு 50, கணக்குக்கு 25, ரவுட்டர் இணைப்புக்கு 2 என்று பட்டியல் வருகிறது. நிர்வாகம் முதலில் இருப்பதால் அதற்கு `.0/28` கொடுத்துவிடுகிறார்கள். அது `.15`-இல் முடிகிறது. சரி, விற்பனை அடுத்து `.16/25` என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு சப்நெட்டே கிடையாது. `/25` என்பது 128 முகவரிகள் கொண்ட தொகுதி; அது 0-இலோ 128-இலோதான் தொடங்கும். அந்த மாஸ்க்கோடு பார்த்தால் `.16` என்பது `.0/25`-க்குள் இருக்கும் சாதாரண ஹோஸ்ட் முகவரி. அதாவது விற்பனை, நிர்வாகத்தை அப்படியே விழுங்கிவிட்டது.

இரண்டும் ஒரே சிஸ்கோ ரவுட்டரில் இருந்தால் `overlaps with` என்று உடனே மறுத்துவிடும், பிழைத்தோம். வேறு வேறு ரவுட்டரில் இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில் நிர்வாகத்தின் பிரிண்டர் `.5`. கணக்குத் துறையிலிருந்து அச்சு வருகிறது, விற்பனையிலிருந்து மட்டும் வரவில்லை. பிரிண்டரையே மாற்றிப் பார்த்துவிட்டார்கள். விற்பனையின் கணினி `.5`-ஐத் தன் சப்நெட்டுக்குள் இருப்பதாக நினைத்து, கேட்வேக்கு அனுப்பாமல் நேரடியாகத் தேடிக்கொண்டிருந்தது. `ip neigh` போட்டதும் `.5`-க்கு நேரே `FAILED` என்று வந்தது. ஒரு துறைக்கு மட்டும் ஒரு முகவரி எட்டவில்லை என்றால் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் இந்தச் சிக்கலே வராது:

```
விற்பனை     100   .0/25     0-127
பொறியியல்    50   .128/26   128-191
கணக்கு       25   .192/27   192-223
நிர்வாகம்     10   .224/28   224-239
ரவுட்டர் இணைப்பு 2  .240/30   240-243
```

ஒவ்வொரு தொகுதியும் தன் அளவால் மீதியின்றி வகுபடும் எண்ணில் தொடங்குகிறது: 128-ஐ 64-ஆல் வகுக்கலாம், 192-ஐ 32-ஆல் வகுக்கலாம். 16-ஐ 128-ஆல் வகுத்துப் பார்த்திருந்தால் அந்தப் பிரிண்டர் தப்பித்திருக்கும்.

கேட்வேயை மறப்பது

`/27`-இல் பயன்படுத்தக்கூடியது 30. கேட்வேக்கு ஒன்று போனால் 29. கணக்குத் துறையில் இன்னும் நான்கு பேர் வரலாம், ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. இதைத் திட்டம் போடும்போதே கேட்டுவிடுங்கள். நடுவில் இருக்கும் தொகுதியைப் பின்னால் நீட்ட முடியாது, அடுத்து நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறது.

பிரிண்டர், ஐபி ஃபோன், அணுகல் புள்ளி

ஆட்களை மட்டும் எண்ணாதீர்கள். இவையும் முகவரி கேட்கும்.

பழைய ரவுட்டிங்

`RIP` முதல் பதிப்பு மாஸ்க்கை அனுப்பாது, அதனால் இப்படி வெவ்வேறு அளவில் பிரித்த சப்நெட்களுக்கு அது சரிப்படாது. இரண்டாம் பதிப்பைப் போடுங்கள்.