நெல்லின் பெயரை வாசிக்கும்போது வன்னியில் நேரும் பிழைகள்

பாரம்பரிய நெல்லின் பெயர் ஒன்றைக் கேட்டதும் அதில் உள்ள நிறத்தையோ ஊரையோ காலத்தையோ நேராக அரிசியின் மேல் ஏற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களின் வேர். பெயர் பொய் சொல்வதில்லை. அது நெல்லின் எந்தப் பகுதியைச் சொல்கிறது, எந்த ஊர் வழக்கில் சொல்கிறது என்பதைத்தான் நாம் தவற விடுகிறோம்.

நிறத்தில் தொடங்கலாம். மொட்டைக்கருப்பன் என்றால் கருப்பு அரிசி வரும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் சிவப்பு அரிசி. பெயரில் உள்ள கருமை உமியினுடையது. வயலில் நின்று பெயர் வைத்தவன் கண்ணுக்குத் தெரிந்தது கதிர். அரிசி தெரிவது அறுத்துக் குத்திய பிறகு. மொட்டை என்பதும் கதிரில் பார்த்ததுதான்: சில நெல்லுக்கு மணியின் நுனியில் ஊசிபோலக் கூர் நீளும், கூர் இல்லாதது மொட்டை. ஆக இந்தப் பெயர் முழுக்க நெல்மணியின் வெளித் தோற்றத்தைச் சொல்கிறது, சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக் கருங்குறுவையும் இப்படித்தான்: கருத்த உமி, சிவந்த அரிசி. ஆனால் இதையே சட்டமாக்கிவிடவும் கூடாது. கருப்புக்கவுனியில் கருமை அரிசியிலேயே, தவிட்டுத் தோலிலேயே இருக்கிறது.

பச்சைப்பெருமாளிலும் இதே வழுக்கல். இதன் அரிசி பச்சையும் அல்ல, வெள்ளையும் அல்ல, சிவப்பு. கடையில் 'பச்சையரிசி' என்று சொல்லும்போது பச்சை என்பது அவிக்காதது என்ற பொருளில் வருகிறது. அதை இந்தப் பெயரோடு சேர்த்து, பச்சைப்பெருமாள் பச்சையரிசியாக மட்டும்தான் வரும் என்று நினைப்பது தவறு. அவித்துக் குத்தினால் அது புழுங்கலரிசிதான்.

பெயரை நம்புவதைவிடக் கையால் பார்ப்பது எளிது. விதைச் சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலும் கொஞ்சம் எடுத்து 50 மணிகளை உள்ளங்கையில் தேய்த்து உமியை நீக்குங்கள். முதலில் உமியின் நிறம், பிறகு தவிட்டுத் தோலின் நிறம், இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு அந்த மெல்லிய தோலில் மட்டும் இருப்பதால், மில்லில் நன்றாகத் தீட்டினால் மொட்டைக்கருப்பனும் வெளுத்துவிடும்; ஓரத்தில் சில சிவப்புக் கீற்றுகள்தான் மிஞ்சும். சிவப்பு மணிகளுக்குள் இரண்டு மூன்று வெள்ளை கிடந்தால் அது பெரும்பாலும் களத்திலோ சாக்கிலோ கலந்தது. பூக்கும்போது மகரந்தம் மாறிக் கலந்திருந்தால் அந்தப் போகத்து மணியில் அது தெரியாது. தோல் தாய்ப்பயிருடையது, ஆகவே பிந்திய போகங்களில்தான் தெரியவரும்.

இனி, செலவு வைக்கும் பிழை: சம்பா. இலங்கையில் சம்பா என்றால் சின்னதாய், உருண்டையாய் இருக்கும் அரிசி. கீரிச்சம்பா அதிலும் சின்னது. தமிழ்நாட்டில், முக்கியமாகக் காவிரிப் பக்கம், சம்பா என்பது பருவத்தின் பெயர்: ஆவணியை ஒட்டி விதைத்துத் தை மாதத்தில் அறுக்கும் நீண்ட போகம். அதற்கு எதிர்ப்பக்கம் குறுவை, அதாவது குறுகிய காலப் பயிர். அங்கே ஒரு நெல்லின் பெயர் சம்பா என்று முடிந்தால், அது சிறுமணி என்பதற்கு உறுதி இல்லை. வயது அதிகம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். சீரகச்சம்பா தற்செயலாக இரண்டு பொருளுக்கும் பொருந்திப்போகிறது, மணியும் சீரகம்போலச் சிறிது. அதனால்தான் குழப்பம் நீடிக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா அப்படியில்லை. தடித்த சிவப்பு அரிசி, வயது ஏறக்குறைய 160 நாள்.

அந்த 160 நாளை வன்னியின் சிறுபோகத்தில் வைத்துப் பார்ப்போம். குளத்துக் காணியில், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மூன்றரை மாத நெல்லுக்கென்று தண்ணீர் முடிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை பிறந்ததும் ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் விதைத்தால், மூன்றரை மாதப் பயிர் ஆடி நடுவில் அறுவடைக்கு வரும். அதற்குப் பத்து நாள் முன்னதாக, ஆடி தொடக்கத்தில் வாய்க்கால் நின்றுவிடும். மாப்பிள்ளைச் சம்பா அப்போது ஏறக்குறைய 95 நாள் பயிர். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்குவதே அந்த நாள்களில்தான். பூப்பது ஆவணி முதல் வாரம், அறுப்பது புரட்டாதி முதல் வாரம். தண்ணீர் நின்ற பிறகு சோழகக் காற்றில் இரண்டு மாதத்துக்கு மேல் பயிர் நிற்க வேண்டும். வெளியே பார்த்தால் பயிர் உயரமாய், செழிப்பாய் நிற்கும், அது ஏமாற்றும். வரும் கதிர் சிறுக்கும், மணி பதராகும். பழைய நெடுங்கால நெல் பலவற்றுக்குப் பகல் குறுகினால்தான் பூக்கும் குணமும் உண்டு. அப்படிப்பட்டதைச் சித்திரையில் விதைத்தால் சொன்ன வயதையும் தாண்டி நிற்கும்.

இத்தகைய நெல்லுக்கு உரியது காலபோகம். அதிலும் ஐப்பசியில் விதைத்தால் பால் பிடிக்கும் நேரம் மாசி கடைசிக்குப் போய்விடும், மானாவாரிக் காணியில் அப்போது மழை இராது. மானாவாரிக்கு வேண்டுமானால் ஆவணி கடைசியில் புழுதி விதைப்பாகப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிந்தினால் குளத்துத் தண்ணீர் உள்ள வயலில் மட்டும் வைப்பது நல்லது.

கடைப் பலகையில் உள்ள இன்னொரு சொல் 'நாடு', சிலர் நாட்டரிசி என்றும் எழுதுவார்கள். இது நடுத்தர மணியுள்ள அவித்த அரிசியின் வகைப் பெயர். நாட்டு நெல், பழைய இனம் என்று பொருள் இல்லை. அந்தச் சாக்கில் இருப்பது பெரும்பாலும் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட புதிய இனங்கள்தான். பாரம்பரிய இனம் வேண்டுமென்றால் இனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி. முருங்கைக்காயன் என்ற நெல்லை மன்னார் முருங்கனோடு சேர்த்துச் சொல்லிவிடுவது எளிது. முருங்கன் நெல்லுக்குப் பெயர்போன இடம், ஒலியும் ஒத்துப்போகிறது. ஆனால் சொல்லைப் பிரித்தால் முருங்கைக்காய் என்றுதான் வருகிறது. ஊர்ப் பெயரோடு 'காயன்' ஒட்டுவதற்கு வழியில்லை. இதிலிருந்து தெரிவெடுத்த முருங்கைக்காயன் 302 என்ற வரிசையை இந்தோனேசிய மாஸ் இனத்தோடு கலந்துதான் 1958இல் எச்-4 வெளிவந்தது. ஊர் சொல்லும் பெயர் வேண்டுமென்றால் அது புதிய இனங்களில்தான் தெளிவாக இருக்கிறது: பீ.ஜீ. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தொட்டை. அதுவும் இனத்தை உருவாக்கிய நிலையத்தின் ஊர், நெல் விளைந்த ஊர் அல்ல. பின்னால் வரும் எண்ணில் வயது இருக்கிறது: பீ.ஜீ. 300 மூன்று மாதம், பீ.ஜீ. 360 மூன்றரை மாதம், பீ.ஜீ. 406 நான்கு மாதம். பீ.ஜீ. 94-1, பீ.ஜீ. 379-2 போன்று இடையில் கோடு போட்ட பழைய எண்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

பாரம்பரிய நெல்லுக்கு அப்படி எண் இல்லாததால், விதை வாங்கும் அன்றே சாக்கின் மேல் பெயரோடு நான்கு விபரம் எழுதிவையுங்கள்: உமி நிறம், அரிசி நிறம், கொடுத்தவர் எந்த மாதம் விதைத்தார், எத்தனை நாளில் அறுத்தார். கொடுத்தவருக்குக் கடைசி இரண்டும் தெரியாவிட்டால், முதல் போகத்தில் முழு வயலுக்கும் போடாமல் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு நாளை எண்ணுங்கள்.