நாய்க்கு மருந்து கொடுப்பது எப்படி: தலையைத் தூக்காமல், புரையேறாமல்

எங்கள் நாய் மணிக்கு வயது ஏழு, எடை 12 கிலோ. போன மாதம் அவனுக்கு வேளைக்கு 6 மில்லி சிரப்பும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் அவன் முகவாயை மேலே தூக்கிப் பிடித்து, சிரிஞ்சில் இருந்ததை ஒரே அழுத்தில் வாய்க்குள் செலுத்திவிட்டேன். இருமினான், மூக்கு வழியாகவும் மருந்து வந்தது. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நுரையீரல் தெளிவாக இருந்தது. அந்தப் பயத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிரப். மாத்திரைக்கும் இதே கைப்பழக்கம் தேவைப்படும் என்பதால் இதையே முதலில் பழகுங்கள்.

தலையைத் தூக்கும்போது தொண்டைக்குப் போகும் திரவத்தை நாயால் நிறுத்தி வைக்க முடியாது. விழுங்கத் தயாராகும் முன்பே அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். அதனால் மூக்கு தரைக்கு இணையாக, அவன் சாதாரணமாக நிற்கும்போது இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும். எதிரே நின்று குனியாமல் பக்கத்தில் உட்காருங்கள். நாயின் பின்புறம் சுவரை ஒட்டி இருந்தால் பின்வாங்க முடியாது.

ஊசி இல்லாத சிரிஞ்சின் நுனியை, கோரைப்பல்லுக்குச் சற்றுப் பின்னால், உதட்டு ஓரத்தின் வழியாகக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழையுங்கள். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அரை மில்லி விடுங்கள், நிறுத்துங்கள். தொண்டை அசைவது அல்லது நாக்கால் மூக்கை நக்குவது தெரிந்தால் விழுங்கிவிட்டான் என்று பொருள். அப்புறம் அடுத்த அரை மில்லி. எங்கள் மணிக்கு அந்த 6 மில்லியைப் பன்னிரண்டு தடவையாகக் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்சம் வழிந்து போனால் போகட்டும், இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ விடுங்கள்.

என்னைக் கேட்டால், 10 மில்லி சிரிஞ்சைவிட 3 மில்லி சிரிஞ்சை இரண்டு முறை நிரப்புவதே நல்லது. பெரியதில் அழுத்தம் கட்டுப்படாது, ஒரே மூச்சில் பாய்ந்துவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகே உறிஞ்சுங்கள், அடியில் படிந்த மருந்து மேலே வர வேண்டும்.

இப்போது மாத்திரை. உணவில் ஒளிப்பதே முதல் வழி, ஆனால் சாப்பாட்டுத் தட்டில் போடாதீர்கள். அவன் பிரித்து ஒதுக்கிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. வேகவைத்த கோழியில் மூன்று சின்ன உருண்டை செய்யுங்கள். முதலாவது வெறுமையானது, இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை அவன் கண்முன்னே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுத்தால், அடுத்ததை வாங்கும் அவசரத்தில் மெல்லாமல் விழுங்குவான். வேர்க்கடலை வெண்ணெய் பயன்படுத்தினால் சைலிட்டால் இல்லை என்று டப்பாவில் பார்த்து உறுதி செய்யுங்கள். அந்த இனிப்பு நாய்க்கு நஞ்சு.

இதற்கு மசியாவிட்டால் கையால் போட வேண்டும். ஒரு கையால் மேல்தாடையைக் கோரைப்பற்களுக்குப் பின்னால் பிடித்து, மறுகையின் நடுவிரலால் கீழ்த்தாடை முன்பற்களைக் கீழே அழுத்தி, நாக்கின் நடுக்கோட்டில் முடிந்தவரை பின்னால் மாத்திரையை வையுங்கள். வாயை மூடி, மூக்கை நக்கும்வரை பிடித்திருங்கள். கடிக்கும் என்று தோன்றினால் இதை முயலவே வேண்டாம், டாக்டரிடம் வேறு வடிவ மருந்து கேளுங்கள்.

பலர் விட்டுவிடுவது இதற்கு அடுத்த வேலையை. மாத்திரை போன உடனே சிரிஞ்சால் 5 மில்லி தண்ணீரை, மேலே சொன்ன அதே முறையில், சிறிது சிறிதாகக் கொடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளலாம். டாக்சிசைக்ளின் போன்றவை ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கிவிடும். ஒரு வாய் உணவு கொடுத்தாலும் சரி.

சோர்ந்து மயங்கிக் கிடக்கும், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும், அல்லது விழுங்கவே சிரமப்படும் நாய்க்கு வாய் வழியாக எதையும் கொடுக்காதீர்கள். மருந்து கொடுத்த ஓரிரு நாளில் இருமல், வேகமான மூச்சு, காய்ச்சல், சாப்பாட்டில் மந்தம் தெரிந்தால் மருந்து நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும். அன்றே காட்டுங்கள்.

பின்குறிப்பு: மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்ததும் நாயின் வாயில் நுரை தள்ளியது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் கொடுத்தது மெட்ரோனிடசோல். அது கடும் கசப்பு. நுரை பெரும்பாலும் அந்தக் கசப்பால் ஊறும் எச்சில்தான், சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் பொடிக்காதீர்கள். சிலவற்றின் மேல்பூச்சு, மருந்து குடலில் போய்க் கரைய வேண்டும் என்பதற்காகவே போடப்பட்டது. துப்பியதில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாவிட்டால், நீங்களாக இன்னொரு மாத்திரை போடாமல் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள்.