கைக்கும் தோளுக்கும் ஆறு வாரம்: முதலில் எதைக் குறைப்பது?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் சின்ன ஜிம்களில் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாருங்கள். பாதிப் பேர் கண்ணாடி முன்னால் நின்று கர்ல் அடிப்பார்கள். கை பெரிதாக வேண்டும், தோள் அகலமாக வேண்டும் என்பதால் வழக்கமான ஒர்க்அவுட்டை முடித்துவிட்டு, அதற்கு மேல் பைசெப்ஸுக்கு ஆறு செட், ஷோல்டருக்கு ஆறு செட் சேர்ப்பார்கள். மூன்று வாரத்தில் முழங்கை வலிக்கும், பெஞ்ச் பிரஸ் எடை இறங்கும், கை அளவோ அப்படியே நிற்கும். சேர்த்தது தப்பில்லை. எதையும் குறைக்காமல் சேர்த்ததுதான் தப்பு.

உடம்பு ஒரு வாரத்தில் ஆற்றிக்கொள்ளக்கூடிய வேலைக்கு ஓர் அளவு உண்டு. செஸ்ட், முதுகு, கால் மூன்றும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரு தசையை வளர்க்க நிறைய செட் வேண்டும். ஆனால் வளர்ந்ததை அப்படியே வைத்திருக்க அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், எடையை மட்டும் குறைக்கக் கூடாது. இந்தத் திட்டம் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

குறைந்தது எட்டு மாதம் இடைவிடாமல் பயிற்சி செய்து, ஸ்குவாட், பெஞ்ச், ரோயிங் மூன்றையும் ஒழுங்கான ஃபார்மில் செய்யத் தெரிந்தவர்களுக்கே இது. போன மாதம் ஜிம்மில் சேர்ந்தவருக்கு எல்லாத் தசையும் எப்படியும் வளரும், தனியாக எதையும் தூக்கிவிட வேண்டியதில்லை.

படி 1: இப்போது செய்வதை எண்ணுங்கள்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வயது 24, எடை 68 கிலோ, உதிரிபாகக் கடையில் வேலை, வாரம் நான்கு நாள் ஜிம். வார்ம்அப் தவிர்த்து இப்போது வாரத்துக்கு செஸ்ட் 12 செட், முதுகு 12, கால் 14, பைசெப்ஸ் 6, ட்ரைசெப்ஸ் 6, ஷோல்டர் பிரஸ் 3, லேட்டரல் ரைஸ் 4. மொத்தம் 57. தோளின் பின்பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. பெரும்பாலானவர்களின் நோட்டில் இப்படித்தான் இருக்கும்.

இப்போது செஸ்ட், முதுகு, கால் மூன்றும் சேர்ந்து 38 செட். அதை 14 ஆக இறக்குகிறோம். மிச்சமாகும் 24 செட்டில் 22ஐ கைக்கும் தோளுக்கும் பிரித்துக் கொடுக்கிறோம்: பைசெப்ஸ் 10, ட்ரைசெப்ஸ் 10, லேட்டரல் ரைஸ் 12, தோளின் பின்பக்கம் 6. ஷோல்டர் பிரஸ் அதே 3. மொத்தம் 55. முன்பு இருந்ததைவிட இரண்டு செட் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

"ட்ரைசெப்ஸ் பெரிய தசை, அதற்கு 10 போதுமா?" என்று கேட்கலாம். பெஞ்ச், ஷோல்டர் பிரஸ் இரண்டிலும் ட்ரைசெப்ஸ் வேலை செய்கிறது. அந்த ஏழு செட்டையும் பாதிப் பாதியாகக் கணக்கில் எடுத்தால் மூன்றரை செட் கூடுதலாகக் கிடைத்துவிடும். முதுகு செட்களில் பைசெப்ஸுக்கும் அப்படியே. தோளின் முன்பக்கத்துக்குத் தனியாக ஃப்ரண்ட் ரைஸ் வேண்டாம், பிரஸ்களிலேயே அதற்குப் போதுமான வேலை இருக்கிறது. அகலமாகத் தெரிய வைப்பது பக்கவாட்டுத் தசைதான்.

படி 2: நான்கு நாளாகப் பிரியுங்கள்

திங்கள்: பெஞ்ச் பிரஸ் 2 செட், சாய்வு பெஞ்சில் டம்பெல் கர்ல் 3, தலைக்கு மேல் டம்பெல் எக்ஸ்டென்ஷன் 3, லேட்டரல் ரைஸ் 4.

செவ்வாய்: ஸ்குவாட் 3, ருமேனியன் டெட்லிஃப்ட் 2, பார்பெல் ரோ 2, குனிந்து செய்யும் பின்தோள் ரைஸ் 3.

வியாழன்: உட்கார்ந்து டம்பெல் ஷோல்டர் பிரஸ் 3, லேட்டரல் ரைஸ் 4, ஜிக்ஜாக் பார் கர்ல் 4, கேபிள் புஷ்டவுன் 4.

சனி: லேட் புல்டவுன் 3, பெஞ்ச் 2, ஹேமர் கர்ல் 3, தலைக்கு மேல் எக்ஸ்டென்ஷன் 3, லேட்டரல் ரைஸ் 4, பின்தோள் ரைஸ் 3. சனிக்கிழமை நீளம்தான். ஹேமர் கர்லையும் எக்ஸ்டென்ஷனையும் மாற்றி மாற்றிச் செய்தால் பத்து நிமிடம் மிச்சம்.

பெஞ்ச், ஸ்குவாட், ரோ மூன்றும் 5 முதல் 8 ரெப். ஷோல்டர் பிரஸ், புல்டவுன், டெட்லிஃப்ட் 8 முதல் 10. மற்றவை 10 முதல் 15, லேட்டரல் ரைஸ் மட்டும் 20 வரை போகலாம். முதல் வாரம் கை, தோள் பயிற்சி ஒவ்வொன்றிலும் ஒரு செட் குறைத்தே தொடங்குங்கள். அந்த வாரம் இன்னும் மூன்று ரெப் போகலாம் என்ற இடத்தில் நிறுத்துங்கள், பிறகு இரண்டு, நான்காவது வாரம் முதல் ஒன்று.

சாய்வு பெஞ்ச் கர்லையும் தலைக்கு மேல் எக்ஸ்டென்ஷனையும் சும்மா சேர்க்கவில்லை. ட்ரைசெப்ஸின் மூன்று தலைகளில் நீளமானது தோள்பட்டை எலும்பிலிருந்து தொடங்குகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் அது முழுதாக நீளும், நீண்ட நிலையில் பளு விழுந்தால் நன்றாக வளரும். புஷ்டவுன் மட்டும் அடிக்கிறவர்களுக்குக் கையின் பின்பக்கம் தட்டையாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாய்வு பெஞ்சில் கை உடம்புக்குப் பின்னால் தொங்குவதால் பைசெப்ஸுக்கும் அதே கதை. வழக்கமாக 10 கிலோ கர்ல் செய்பவர் இங்கே 7.5 கிலோவில் திணறுவார், அது சரியே.

படி 3: லேட்டரல் ரைஸ், டம்பெல் பிரச்சினையோடு

கையை நேர் பக்கவாட்டில் விரிக்காமல் சற்றே முன்னால், கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் திசையில் தூக்குங்கள். தோள் உயரம் வந்ததும் நிறுத்துங்கள். இறக்க இரண்டு நொடி. தோள் காதை நோக்கி ஏறினால் எடை அதிகம் என்று அர்த்தம், வேலையை ட்ராப்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. மறுநாள் கழுத்தோரம் பிடித்துக்கொண்டு தோளில் ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் இதே சங்கதிதான்.

நம் பக்கத்து ஜிம்களில் டம்பெல் பெரும்பாலும் 5, 7.5, 10 என்று இரண்டரை கிலோ தாவலில்தான் இருக்கும். பெஞ்சில் இரண்டரை கிலோ கூடினால் தெரியாது. ஆனால் லேட்டரல் ரைஸில் ஐந்திலிருந்து ஏழரைக்குப் போவது பாதிக்குப் பாதி ஏற்றம். அவசரப்பட்டு ஏறினால் இடுப்பை ஆட்டித்தான் தூக்க முடியும். அதனால் எடையை விட்டுவிட்டு ரெப்பை ஏற்றுங்கள். ஐந்து கிலோவில் நான்கு செட்டும் 12 ரெப்பில் தொடங்கி, நான்கிலும் 20 வரும் வரை அங்கேயே இருங்கள். வந்த பிறகு முதல் செட்டை மட்டும் 7.5 கிலோவில் 8 அல்லது 9 ரெப், மீதி மூன்றும் பழைய எடையில். அடுத்த வாரம் இரண்டாவது செட். பெரியமேடு ஸ்போர்ட்ஸ் கடைகளில் மணிக்கட்டில் கட்டும் அரை கிலோ வெயிட் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதைக் கட்டிக்கொண்டு ஐந்து கிலோவை ஐந்தரையாக்கலாம்.

படி 4: குறைத்ததைக் காவல் காப்பது

ஸ்குவாட்டில் 80 கிலோ 6 ரெப் போட்டவர் இந்த ஆறு வாரமும் 80 கிலோவையே 6 ரெப் போட வேண்டும். "கால் நாள் லேசா போகட்டும்" என்று 60க்கு இறக்கினால், செட்டும் குறைந்து எடையும் குறைந்து, கால் தசைக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும். செட் குறைந்ததால் கால் முன்பைவிடப் புத்துணர்ச்சியாகவே இருக்கும், எடை ஏறினாலும் ஆச்சரியமில்லை. ஏற்றலாம், ஆனால் செட் சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு வாரம் ரெப் குறைந்தால் மட்டும் அந்தப் பயிற்சிக்கு ஒரு செட் கூட்டுங்கள். அதற்கு முன் அந்த வாரத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள், பாதி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள், துறைமுகப் பக்கம் லோடு ஏற்றுகிறவர்கள் ஒரு விஷயம் மாற்றிக்கொள்ள வேண்டும். முழங்கைக்கும் பிடிமானத்துக்கும் பகலெல்லாம் வேலை நடந்திருக்கிறது. பைசெப்ஸை 10க்குப் பதில் 7 செட்டில் நிறுத்தலாம், டெட்லிஃப்டை லெக் கர்லாக மாற்றலாம்.

முழங்கை வலி

இந்த ஆறு வாரத்தை நடுவில் நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். தசை வலி என்றால் சதைப்பகுதியின் நடுவில் இருக்கும், இரண்டு மூன்று நாளில் போகும். முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டிலோ பின்பக்க நுனியிலோ விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்று வலிப்பதும், காலையில் தண்ணீர்க் குடம் தூக்கும்போது தெரிவதும் வேறு, அது தசைநாண். உள்பக்கம் என்றால் நேர் பார் கர்லையும் இறுக்கிப் பிடிப்பதையும் சந்தேகியுங்கள். நேர் பார் மணிக்கட்டை முழுக்கத் திருப்பி வைக்கிறது, ஜிக்ஜாக் பார் கொடுத்ததற்குக் காரணம் அதுதான். பின்பக்கம் என்றால் எக்ஸ்டென்ஷனில் கீழே வேகமாக விழவிட்டு மேலே உதறுகிறீர்கள்.

வலி தொடங்கிய பயிற்சியை அந்த வாரம் விடுங்கள். அடுத்த வாரம் எடையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து 15 முதல் 20 ரெப்பில், மெதுவாக இறக்கி, திரும்புங்கள். அப்படியும் இரண்டு வாரம் தாண்டி நின்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போக வேண்டும்.

சாப்பாடும் அளவும்

உடம்பு எடையைக் குறைத்துக்கொண்டே இதைச் செய்யாதீர்கள். 68 கிலோ உடம்புக்கு நாளுக்கு 110 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய இருபது. எடை மாதத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை ஏறட்டும்.

கை அளவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில், ஜிம் போகாத நாளில் எடுங்கள். தோள் எலும்பு நுனிக்கும் முழங்கைக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, கையை மடக்காமல் தொங்கவிட்டு டேப்பைச் சுற்றுங்கள். பயிற்சி முடிந்த சூட்டில் அளந்தால் ரத்தம் ஏறிய பம்ப்பையும் சேர்த்தே அளப்பீர்கள், அது இரவுக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் அரை சென்டிமீட்டர் கூடினால் திட்டம் வேலை செய்திருக்கிறது. வயிற்றளவும் கூடவே ஏறியிருந்தால் கையில் வந்ததில் ஒரு பங்கு கொழுப்பு.

ஏழாவது வாரம் எல்லாப் பயிற்சியையும் பாதி செட்டில் செய்யுங்கள். எட்டாவது வாரம் கை, தோளை 6 செட்டுக்கு இறக்கி, செஸ்ட், முதுகு, காலை ஒரேயடியாகப் பழைய எண்ணிக்கைக்கு ஏற்றாமல் ஒவ்வொன்றையும் 8 செட்டில் தொடங்குங்கள். ஆறு வாரம் குறைவாகச் செய்த காலில் முதல் நாளே 14 செட் போட்டால் அடுத்த மூன்று நாள் படி ஏற முடியாது.