மாடித் தோட்ட வீடியோவுக்குக் குரலும் திரை எழுத்தும் எழுதுவது எப்படி: மண்கலவைப் பகுதியை வைத்து ஒரு செய்முறை

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்காக நான் எடுத்த முதல் மாடித் தோட்ட வீடியோவில், மண்கலவை தயாரிக்கும் இடத்தில் குரல் "மூன்றையும் சம அளவில் கலக்க வேண்டும்" என்று சொன்னது. அதே நேரத்தில் திரையில் "1 : 1 : 1" என்று மட்டும் ஓடியது. ஒரு பார்வையாளர் தோட்ட மண், தேங்காய் நார்க்கழிவான கோகோபீட், மக்கிய உரம் மூன்றிலும் தலா ஒரு கிலோ நிறுத்துக் கலந்துவிட்டு, இரண்டு வாரத்தில் நாற்றுகள் வெளிறிப்போயின என்று எழுதினார். பிழை அவருடையது அன்று. காய்ந்த கோகோபீட் ஒரு கிலோ தண்ணீரில் ஊறினால் ஏறக்குறைய பதினான்கு லிட்டராக உப்பும். தோட்ட மண் ஒரு கிலோ எடுத்தால் ஒரு லிட்டர்கூட வராது. எடைபோட்டுக் கலந்தால் செடி வளர்க்கும் பையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கோகோபீட்டாகவே இருக்கும், அதில் செடிக்குச் சத்து மிகக் குறைவு. "அளவு" என்ற சொல்லுக்கு நான் கொள்ளளவு என்று பொருள்கொண்டிருந்தேன், அவர் எடை என்று எடுத்துக்கொண்டார். குரலும் எழுத்தும் அந்த ஐயத்தைத் தீர்க்கவில்லை.

அந்த முக்கால் நிமிடப் பகுதியை நான் திருத்தி எழுதிய முறையையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வீடியோ எடுக்கவும் வெட்டி ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: காட்சிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நொடிகளைக் குறியுங்கள்

குரலை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்பக் காட்சி தேடினால், சொல்லுக்கும் கைக்கும் இடையே இரண்டு மூன்று நொடி இடைவெளி விழுந்துவிடும். ஆகவே முதலில் காட்சிகளை எழுதுங்கள். என் பகுதியில் நான்கே காட்சிகள் இருந்தன: மூன்று குவியலும் ஒரு பக்கெட்டும் (8 நொடி), கோகோபீட்டை அலசுவது (12 நொடி), கலப்பது (10 நொடி), பையை நிரப்புவது (15 நொடி). மொத்தம் 45 நொடி.

நான் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூறு சொற்கள் வருகின்றன. கைவேலை நடக்கும் காட்சியில் கால்பங்கு நேரமாவது குரல் ஓய வேண்டும் என்பது என் கருத்து. அப்படியானால் 45 நொடிக்கு ஐம்பத்தைந்து சொற்களுக்கு மேல் இடமில்லை. உங்கள் வேகத்தை நீங்களே கைப்பேசியில் ஒரு நிமிடம் படித்துப் பதிவுசெய்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆங்கிலக் குரல்பதிவுக்குச் சொல்லப்படும் சொற்கணக்கை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனெனில் நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீண்டவை.

படி 2: எது எழுத்துக்கு, எது குரலுக்கு என்று பிரியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பார்வையாளர் நிறுத்தி வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டியவை அனைத்தும், அதாவது எண், அளவு, பொருளின் பெயர், எத்தனை முறை என்பவை, திரையில் வர வேண்டும். ஏன் அப்படிச் செய்கிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குரல் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் குரலும் சேர்ந்து சொல்லலாம், ஆனால் அப்போது இரண்டும் ஒரே வடிவில் இருக்க வேண்டும்: குரல் "ஒரு பக்கெட்" என்று சொல்லும்போது திரை "33%" என்று காட்டினால், பார்ப்பவர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார், அடுத்த வாக்கியம் காதில் விழாது.

பெயருக்கும் இதே விதிதான். முதல் வீடியோவில் குரல் "நார்க்கழிவு" என்றது, திரை "கோகோபீட்" என்றது. இரண்டும் வெவ்வேறு பொருள் என்று எண்ணி, "நார்க்கழிவு எப்போது சேர்க்க வேண்டும்?" என்று நால்வர் கேட்டார்கள். எனவே எழுதத் தொடங்கும் முன்பே பொருள்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டு, கடைசிவரை அதிலிருந்து விலகாதீர்கள். நல்ல தமிழ்ச் சொல் எது என்று நான் முதலில் பார்ப்பதில்லை. வாங்கும் பையின்மேல் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்றே பார்க்கிறேன்.

மூன்றாவதாக, எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். "கலந்துவிட்டோம்; கோகோபீட்டை முன்பே அலசியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்" என்று எழுதியிருந்தேன். காட்சியைப் பார்த்தபடியே கூடவே செய்பவர் அப்போது கலந்து முடித்திருப்பார்.

படி 3: குரலைப் பேச்சு வழக்கில், எழுத்தை எழுத்து வழக்கில் எழுதுங்கள்

குரலை எழுத்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, பதிவுசெய்யும்போது பேச்சுத் தமிழாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதி வாக்கியம் "வேண்டும்" என்றும் மீதி "வேணும்" என்றும் வந்து, ஒரே பத்தியை ஒன்பது முறை பதிவுசெய்தேன். வாயில் எப்படி வருமோ அப்படியே தாளிலும் எழுதுங்கள். திரை எழுத்தில் அதைச் செய்யாதீர்கள்: "அலசிடுங்க" என்பதை ஒவ்வொரு வட்டாரத்தவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், படிக்கும் கண் அங்கே ஒரு கணம் தயங்கும். "அலசவும்" என்றால் எல்லோருக்கும் ஒன்றே, சுருக்கமும்கூட.

திருத்திய பகுதி இப்படி அமைந்தது:

காட்சி 1, மூன்று குவியலும் பக்கெட்டும்.
குரல்: "மூணையும் ஒரே பக்கெட்டால அளங்க, எடை பாக்க வேண்டாம்."
எழுத்து: ஒரே பக்கெட்டால் அளக்கவும்

காட்சி 2, கோகோபீட் அலசுவது.
குரல்: "கலக்கறதுக்கு முன்னாடி கோகோபீட்டை ரெண்டு தடவை தண்ணியில அலசிப் பிழிஞ்சிடுங்க. அதுல உப்பு இருந்தா இளஞ்செடியோட இலை ஓரம் கருகும்."
எழுத்து: கோகோபீட்டை 2 முறை அலசவும்

காட்சி 3, கலப்பது.
குரல்: "ஊறின கோகோபீட் ஒரு பக்கெட், தோட்ட மண் ஒரு பக்கெட், மக்கின உரம் ஒரு பக்கெட்."
எழுத்து: ஊறிய கோகோபீட் 1 / தோட்ட மண் 1 / மக்கிய உரம் 1

காட்சி 4, பையை நிரப்புவது.
குரல்: "பையை அதோட இடத்துல வெச்சுட்டு நிரப்புங்க. தண்ணி விட்டதும் கிட்டத்தட்ட இருபது கிலோ வரும், அப்புறம் இழுத்தா கிழியும்."
எழுத்து: இடத்தில் வைத்த பிறகே நிரப்பவும்

"ஊறிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். காய்ந்த கட்டியை உடைத்துப் பக்கெட்டில் அளந்தால், அது ஊறியபின் பல மடங்காகிவிடும். ஒரு சொல்லில் அந்தக் குழப்பம் தீர்கிறது. இருபது கிலோ என்ற கணக்கு 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பைக்கு உரியது. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் அதில் 18 லிட்டருக்குச் சற்றுமேல் பிடிக்கும், ஆகவே ஆறு லிட்டர் பக்கெட்டால் தலா ஒன்று என்பது சரியாக அமைகிறது. வேறு அளவுப் பை காட்டினால் இந்த எண்ணை மாற்றுங்கள். இடமும் எடையும்தான் அடுக்குமாடிக்காரரின் முதல் கவலை என்பதால், வேறு எதை வெட்டினாலும் இந்தக் கடைசி வரியை நான் வெட்டுவதில்லை.

படி 4: எழுத்தைத் திரையில் வையுங்கள்

எழுத்துருவைத் தேர்ந்ததும் முதலில் "கோகோபீட்" என்று தட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத செயலியில் இரட்டைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். அப்படி வந்தால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லாமல் போகலாம்; செயலியின் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயக்கி இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் வேறு செயலிக்கு மாறுங்கள். எழுத்தைப் படமாக்கி ஒட்டும் வழியும் உண்டு, ஆனால் ஒரு சொல்லைத் திருத்த முழுப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருப்பதால் எனக்கு அது பிடிக்காது. எழுத்துருவில் நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவமே என் தேர்வு. அழகெழுத்து வகைகளில் சிறு திரையில் புள்ளியே தெரிவதில்லை.

வரியைச் செயலி தானாக மடிக்க விடாதீர்கள். நீண்ட சொல்லை அது நடுவில் வெட்டி, "நிரப்ப" ஒரு வரியிலும் "வும்" அடுத்த வரியிலுமாக வைத்துவிடும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், எங்கே மடிப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். செடியின் பச்சை மீதும் வானத்தின் மீதும் வெள்ளை எழுத்து கரைந்துபோகும் என்பதால், பின்னால் கருமையான பட்டை ஒன்று போடுங்கள்.

காட்சி 3இல் மூன்று பெயர்களும் ஒன்றாக வரக்கூடாது. குரல் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக வந்து, மூன்றும் சேர்ந்தபின் இன்னும் மூன்று நொடி நிற்க வேண்டும். திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்பவர்கள் அந்த நொடிகளில்தான் பிடிக்கிறார்கள்.

பின்னர் சேர்த்தவை

வெளியிட்ட பிறகு வந்த கருத்துகளைப் பார்த்தபோது, ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் கோகோபீட் அலசுவதை வெறும் தூய்மைக்காக என்று எண்ணித் தவிர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. காரணம் குரலில் மட்டுமே இருந்தது. அதனால் படி 2இல் சொன்ன பிரிவினைக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறேன்: தவிர்த்தால் செடி கெட்டுப்போகும் என்ற இடத்தில் காரணத்தையும் ஒரு சொல்லிலாவது திரையில் போடுங்கள். இப்போது அந்த வரி "உப்பு நீங்க, கோகோபீட்டை 2 முறை அலசவும்" என்று இருக்கிறது.

செங்குத்து வீடியோவில் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு எழுத்தை வையுங்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். தலைப்பும் பொத்தான்களும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. என் வீடியோவில் "பிறகே" என்ற சொல் அவற்றின் அடியில் மறைந்து, "இடத்தில் வைத்த நிரப்பவும்" என்று பொருளற்று நின்றது.

படி 5: இரண்டு முறை சோதியுங்கள்

தோட்டம் போட்டறியாத ஒருவரிடம் ஒலியை அணைத்து வீடியோவைக் காட்டி, எத்தனை பக்கெட், எதை முதலில் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இன்னொருவரை, திரையைப் பாராமல் குரலை மட்டும் கேட்கச் சொல்லி, ஏன் அலச வேண்டும், ஏன் முதலிலேயே இடத்தில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஆளை இரண்டுக்கும் பயன்படுத்தினால் முதல் சுற்றில் அறிந்ததை வைத்து இரண்டாவதற்கு விடை சொல்லிவிடுவார். என் சோதனையில் ஒலியில்லாமல் பார்த்தவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "பக்கெட்டில் தலைதட்ட வேண்டுமா, குவிக்க வேண்டுமா?" என்று கேட்டார். காட்சி 1ஐ மறுபடி எடுத்து, பக்கெட்டின் விளிம்பில் கையால் வழித்துவிடுவதைக் காட்டினேன். அதற்கு எழுத்தும் தேவைப்படவில்லை, குரலும் தேவைப்படவில்லை.